நான்கு ஊர்ப் பேச்சாளர்களுக்கு ஒத்திகை: எந்த நாள், எந்த இணைப்பு?

ஏரிக்கரை (அக்டோபர் 24, 2025)
நவம்பர் 8, சனிக்கிழமை இரவு 7 மணிக்கு, ஓலைச்சுவடிப் பாதுகாப்பு பற்றி ஜூமில் வெபினார் நடத்துகிறோம். பேச்சாளர்கள் நால்வர்: மதுரை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், டொரன்டோ. சென்ற முறை ஒருவர் பார்வையாளர்களுக்கான இணைப்பில் நுழைந்து, மைக் இல்லாமல் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவரைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருந்தோம். அந்தப் பன்னிரண்டு நிமிடங்களை இன்னும் மறக்க முடியவில்லை.

இந்த முறை நவம்பர் 1, சனிக்கிழமை, அதே 7 மணிக்கு எல்லோரையும் ஒரு மணி நேரம் கூட்டி ஒத்திகை பார்க்கலாம் என்று நினைக்கிறேன். வெபினாரின் சொந்த இணைப்பிலேயே நடத்தினால், பதிவு செய்தவர்கள் உள்ளே வந்துவிடுவார்களா?

பனங்காடு
அந்த இணைப்பைத் தொடவே வேண்டாம். தனியாக ஒரு சாதாரணக் கூட்டம் உருவாக்கி அதில் ஒத்திகை வையுங்கள். மைக்கும் கேமராவும் எங்கே சோதித்தாலும் ஒன்றுதானே?

ஒலிப்பெட்டி
மைக்கைப் பொறுத்தவரை நண்பர் சொல்வது சரி. ஆனால் உங்களுக்குச் சென்ற முறை சிக்கல் மைக்கில் இல்லை, இணைப்பில். பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பு மின்னஞ்சலில் போகிறது. அதை அவர் கண்டுபிடித்து, அதன் வழியாகவே நுழைகிறாரா என்பதைத் தனிக் கூட்டம் காட்டாது.

வெபினார் அமைப்பில் Enable Practice Session என்பதைத் தேர்ந்துவிட்டுத் தொடங்குங்கள். நடத்துபவரும் பேச்சாளர்களும் மட்டுமே உள்ளே வருவார்கள். மற்றவர்களுக்கு நிகழ்ச்சி இன்னும் தொடங்கவில்லை என்றே தெரியும். ஒத்திகையின்போது மேலே Start Webinar என்ற பொத்தான் இருக்கும். அதை யாரும் அழுத்திவிடக் கூடாது, அழுத்தினால் கதவு திறந்துவிடும்.

ஒரு மணி நேரம் எல்லோரையும் கூட்டுவதும் வேண்டாம் ஐயா. ஒருவரின் ஹெட்செட்டைச் சரிசெய்யும் வரை மற்ற மூவரும் காத்திருப்பார்கள். அடுத்த முறை கூப்பிட்டால் வர மாட்டார்கள். வாரநாள்களில் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் தனியாகச் சோதியுங்கள். நிகழ்ச்சியன்று பயன்படுத்தும் அதே கணினி, அதே அறை, அதே ஹெட்செட்டாக இருக்க வேண்டும். அலுவலகத்தில் சோதித்துவிட்டு வீட்டிலிருந்து பேசினால் அந்தச் சோதனை வீண். பிறகு சனிக்கிழமை அரை மணி நேரம் எல்லோரும் சேர்ந்து, ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடங்களை மட்டும் பாருங்கள். முழு உரையும் வேண்டாம்.

மாடிவீடு
எங்கள் சங்கத்தில் உரைகளை முன்கூட்டியே பதிவு செய்து ஒளிபரப்புகிறோம். ஒத்திகையே தேவைப்படுவதில்லை. நீங்களும் அப்படிச் செய்யலாமே?

ஏரிக்கரை
உரைகளுக்கு அது சரி அம்மா. எங்களுக்குப் பாதி நேரம் கேள்வி பதில், அதற்கு நால்வரும் நேரலையில் இருந்தாக வேண்டும்.

ஒலிப்பெட்டி ஐயா, பதினைந்து நிமிட யோசனையை ஏற்றுக்கொள்கிறேன். சனிக்கிழமை கூட்டு ஒத்திகைக்கு அதே 7 மணி சரிதானே?

ஒலிப்பெட்டி
டொரன்டோக்காரரைக் கவனியுங்கள். நவம்பர் 2 அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்புகிறார்கள். நவம்பர் 1 இரவு 7 மணி அவருக்குக் காலை 9.30, நவம்பர் 8 இரவு 7 மணி அவருக்குக் காலை 8.30. "போன வாரம் வந்த அதே நேரத்துக்கு வாருங்கள்" என்று எழுதினால் அவர் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார், தவறு அவருடையதாக இருக்காது. யாழ்ப்பாணத்துக்கு நம் நேரமே. சிங்கப்பூருக்கு இரண்டு நாளும் இரவு 9.30. இரண்டு அழைப்பிலும் அவரவர் ஊர் நேரத்தை எண்ணால் எழுதிவிடுங்கள்.

ஏரிக்கரை (நவம்பர் 1)
இப்போதுதான் கூட்டு ஒத்திகை முடிந்தது. வியாழக்கிழமை தனிச் சோதனையில் மதுரைப் பேராசிரியரின் புது மேக் கணினி திரையைப் பகிர மறுத்தது. System Settings, Privacy & Security வழியாகப் போய், திரைப்பதிவுக்கான இடத்தில் ஜூமுக்கு அனுமதி கொடுத்ததும், செயலியை மூடித் திறக்கச் சொன்னது. நேரலையில் நடந்திருந்தால் அவர் பேச்சின் நடுவே வெளியேறித் திரும்ப வேண்டியிருந்திருக்கும். டொரன்டோ அம்மையார் நேர மாற்றத்தைத் தம் நாட்காட்டியில் குறித்துக்கொண்டார்.

சிங்கப்பூர் பேச்சாளர் மட்டும் வரவில்லை. "நூறு வெபினார் பேசியவன், எனக்கு ஒத்திகை எதற்கு?" என்கிறார். பெரியவர், வற்புறுத்தத் தயக்கமாக இருக்கிறது.

பனங்காடு
விட்டுவிடுங்கள், நூறு பேசியவருக்குத் தெரியாதா?

ஒலிப்பெட்டி
அவருக்குத் தெரியும், அவருடைய கணினிக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. ஒத்திகை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். "படவில்லைகள் எங்கள் பக்கம் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்க்க ஐந்து நிமிடம் வேண்டும்" என்று கேளுங்கள். அவருடைய கோப்பின் பிரதியையும் வாங்கி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை
திங்கட்கிழமை கேட்டுப் பார்க்கிறேன். கோப்பை இன்றே அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.