டார்ச் உடம்பில் ஒரு ஸ்விட்ச் துளை: உங்களுக்கும் பிஞ்ச் வந்ததா?

குமரன்_3டி
போன மாதம் பிளெண்டரில் ஒரு டார்ச் லைட் செய்தேன். உடம்பு 4 செ.மீ. விட்டம், 16 பக்க சிலிண்டர். அதில் 8 மி.மீ. ஸ்விட்ச் துளை. விளிம்பு கூர்மையாக நிற்கட்டும் என்று துளைக்கு இரு பக்கமும் நீளவாக்கில் சப்போர்ட் லூப் போட்டேன். சப்டிவிஷனில் துளை அழகாக வந்தது. ஆனால் வரி போட்ட மேட்கேப்பில் திருப்பிப் பார்த்தால், தலையிலிருந்து வால்வரை இரண்டு கீறல் விழுந்ததுபோல் வெளிச்சம் உடைகிறது. யாருக்காவது இப்படி வந்ததா?

மெஷ்பிரியா
எனக்கு வந்தது. சப்டிவிஷன் லெவலை 4 ஆக்கினேன், போய்விட்டது.

பழைய_லேத்
தூரத்தில் வைத்து ரெண்டர் செய்திருப்பீர்கள், அதனால் தெரிந்திருக்காது. லெவலைக் கூட்டினால் அந்தக் கீறல் இன்னும் வழவழப்பாகும், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு பம்ப் மாடலில் இதே தொல்லை. காரணம் இதுதான்: லூப் கட் போட்டால் புதுப் புள்ளிகள் வட்டத்தின் மேல் உட்காராது, இரண்டு பழைய விளிம்புகளுக்கு நடுவே உள்ள தட்டை முகத்தில் உட்காரும். அங்கே பரப்பு தட்டையாகி, அந்த வளைவெல்லாம் பக்கத்து விளிம்பில் குவியும். சிலிண்டரைச் சுற்றி வளையமாகப் போடும் லூப் இந்தக் கெடுதலைச் செய்யாது, நீளவாக்கில் பரப்பு நேர்தானே.

நான் 32 பக்கத்தில் மறுபடி தொடங்கினேன். உங்கள் அளவில் ஒரு பக்கம் ஏறக்குறைய 4 மி.மீ. வரும். வளையங்களையும் அதே இடைவெளியில் வைத்து, இரண்டுக்கு இரண்டு முகங்களை எடுத்தால் 8 புள்ளியில் துளை தயார். சப்போர்ட்டுக்கு லூப் கட் வேண்டாம். துளையைச் சுற்றி மட்டும் ஒரு இன்செட். அது டார்ச் முழுக்க ஓடாமல் அங்கேயே நின்றுவிடும்.

கேம்_தம்பி
எனக்கு பெவல் போட்ட பெட்டியில் தட்டைப் பக்கமெல்லாம் கறுப்பாக மேகம் படிந்தது. Weighted Normal போட்டதும் சரியாகிவிட்டது. அதைப் பாருங்களேன் அண்ணா.

பழைய_லேத்
அது வேறு நோய், தம்பி. உன் பெட்டியில் நார்மல்தான் சாய்ந்திருந்தது, வடிவம் சரி. இங்கே வடிவமே பள்ளம்.

குமரன்_3டி
32-இல் செய்து பார்த்தேன். நீளக் கீறல் போயே போச்சு. துளையை வட்டமாக்கியபோது புள்ளிகள் பரப்பை விட்டு விலகியதால், ஓரத்தில் மட்டும் இலேசான பள்ளம் மிச்சம். துளையில்லாத சிலிண்டர் நகல் ஒன்றை வைத்து, சப்டிவிஷனுக்குக் கீழே Shrinkwrap போட்டேன். முதலில் துளையின் உள்சுவரும் வெளியே இழுபட்டு நாசமானது. வெர்டெக்ஸ் குரூப்பில் உள்சுவரையும் விளிம்பையும் விட்டுவிட்டதும் வரிகள் நேரானது.

மெஷ்பிரியா
என் பழைய ஃபைலை மேட்கேப்பில் பார்த்தேன். கீறல் அங்கேயே இருக்கிறது. ஆனால் எனக்கு அது 64 பக்கம். அப்படியும் ஏன் வருகிறது?

பழைய_லேத்
வயர்ஃப்ரேம் படம் போடுங்கள். லூப் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியாது.