பொருள்: ‘புராக்சி’யும் முன்கூட்டிய வாக்கும்: கூட்டக் குறிப்பில் என்ன பெயர்?

செல்வி

நண்பர்களுக்கு வணக்கம். சுமார் 1,200 உறுப்பினர்கள் உள்ள ஒரு பொதுக் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதித் தர வேண்டும். உறுப்பினர் தனக்குப் பதிலாகக் கூட்டத்துக்கு அனுப்பும் ‘புராக்சி’க்குப் ‘பதிலாள்’ என்று வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு முன்பே இணையத்திலோ அஞ்சலிலோ போடும் வாக்குக்கு ‘முன்வாக்கு’ என்று ஒரே சொல் போதுமா? கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகையான கோரத்தைச் சொல்லும் முதல் வரி வரைவில் இது: “24 உறுப்பினர்கள் வந்திருந்தனர். கோரம் இருந்தது.”

முரளி

‘பதிலாள்’ கொஞ்சம் மட்டமாக ஒலிக்கிறது. ‘பிரதிநிதி’ என்றே எழுதலாமே? அவர் வந்தால் உறுப்பினரே வந்ததற்குச் சமம்தானே. அவர் போடும் வாக்கும் செல்லும். ‘முன்வாக்கு’ எனக்குப் பிடித்திருக்கிறது.

கணபதி

வாக்கு செல்லும் என்பது சரி, அதுவும் கையைத் தூக்கும்போது இல்லை, வாக்குச்சீட்டு வாக்கெடுப்பு நடக்கும்போது மட்டும். ஆனால் சமம் இல்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 105-ஆம் பிரிவுப்படி பதிலாள் கூட்டத்தில் பேச முடியாது. 103-ஆம் பிரிவு கோரத்துக்கு நேரில் வந்த உறுப்பினர்களைத்தான் எண்ணுகிறது.

‘பிரதிநிதி’யைத் தொடாதீர்கள், முரளி. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியில் பங்கு வைத்திருந்தால், தன் இயக்குநர் குழுத் தீர்மானத்தின் மூலம் 113-ஆம் பிரிவின்கீழ் ஒருவரை அனுப்புகிறது. அவர்தான் பிரதிநிதி. அவர் பேசலாம், கோரத்திலும் சேருவார். இரண்டு பேருக்கும் ஒரே பெயர் வைத்தால் குறிப்பைப் படிப்பவருக்குக் கோரம் இருந்ததா இல்லையா என்றே தெரியாது.

செல்வி, அந்த 24 எப்படி வந்தது?

செல்வி

வருகைப் பதிவேட்டில் இருந்த கையெழுத்துகள். உறுப்பினர்கள் 13, கம்பெனிகள் அனுப்பியவர்கள் 2, பதிலாட்கள் 9.

கணபதி

ஆயிரத்துக்கு மேல் ஐயாயிரம் வரை உறுப்பினர்கள் உள்ள பொதுக் கம்பெனிக்குக் கோரம் 15. உங்களிடம் 13-உம் 2-உம் சேர்ந்து சரியாக 15. ஒரு பிரதிநிதியின் தீர்மான நகல் குறைபாடாக இருந்திருந்தாலே கூட்டம் கவிழ்ந்திருக்கும், ‘24’ என்ற எண் அதை மறைத்துவிடுகிறது. இப்படி எழுதுங்கள்: “பிரதிநிதிகள் 2 பேர் உட்பட 15 உறுப்பினர்கள் நேரில் வந்திருந்தனர். பதிலாட்கள் 9 பேர், அவர்கள் வழி வந்த பங்குகள் இத்தனை.” பதிலாட்களின் பங்கு எண்ணிக்கையைப் பொதுக்கூட்டச் செயலகத் தரநிலையே கேட்கிறது.

ஆளையும் தாளையும் ‘புராக்சி’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தாளுக்குப் ‘பதிலாள் படிவம்’ என்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரத்துக்கு முன் வந்து சேர வேண்டியது அந்தத் தாள்தான்.

ரஹீம்

எங்கள் அடுக்ககச் சங்கத்திலும் இதே தொல்லை. துபாயில் இருக்கும் வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் “என் வாக்கை மூர்த்தியிடம் கொடுத்துவிட்டேன்” என்று அனுப்புகிறார். அதை முன்வாக்கு என்று எழுதலாமா?

கணபதி

உங்கள் சங்கத்துக்குக் கம்பெனிச் சட்டம் பொருந்தாது, ஐயா. துணைவிதியைப் பாருங்கள். பதிலாள் வைக்க அது இடம் தருகிறதா, கையெழுத்திட்ட தாள் வேண்டும் என்கிறதா என்பதுதான் கேள்வி. எப்படியும் அது வாக்கு இல்லை. எந்தத் தீர்மானத்துக்கு ஆதரவு என்றே அவர் சொல்லவில்லையே.

செல்வி

‘முன்வாக்கு’ நிற்குமா? நேரில் வந்தவர்களில் இருவர் இணையத்தில் ஏற்கெனவே வாக்களித்துவிட்டார்கள். ஒரு பதிலாளை அனுப்பிய உறுப்பினரும் அப்படியே.

கணபதி

இணையவழி வாக்குக்கு நிற்கும். அது கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடிவிடும். அந்த இருவரும் கூட்டத்தில் உட்காரலாம், கோரத்திலும் சேர்வார்கள், ஆனால் மறுபடி வாக்களிக்க முடியாது. அந்தப் பதிலாளின் சீட்டும் செல்லாது. ஆக அரங்கில் வாக்களிக்கக்கூடியவர்கள் அந்த 15 பேரில் மீதி 13 பேரும் 8 பதிலாட்களும். வருகை ஒரு கணக்கு, வாக்கு வேறு கணக்கு.

அஞ்சலை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். 110-ஆம் பிரிவின் அஞ்சல் வாக்கெடுப்பில் கூட்டமே கிடையாது. எதற்கு ‘முன்’?

முரளி

அப்படியென்றால் அதற்கு ‘அஞ்சல் வாக்கெடுப்பு’, இதற்கு ‘முன்வாக்கு’. ஆனால் அரங்கிலேயே கணினியில் போடுவதும் மின்வாக்குதானே? அதை ‘அரங்க வாக்கு’ என்றால் சீட்டில் போடுவதும் அதில் அடங்கிவிடும்.

செல்வி

‘அரங்க வாக்கு’ நன்றாக இருக்கிறது. காணொளியில் கூட்டம் நடந்தால்? அரங்கு ஏது?

கணபதி

காணொளிக் கூட்டத்துக்குக் கம்பெனி விவகார அமைச்சகம் 2020-இல் விட்ட சுற்றறிக்கைப்படி பதிலாள் வசதியே கிடையாது, பிரதிநிதிகள் மட்டும்தான். ‘கூட்ட வாக்கு’ என்று வைத்துப் பார்க்கலாம். எனக்கும் அதில் முழுத் திருப்தி இல்லை.

இன்னொன்று. தலைவர் மேடையிலேயே “தீர்மானம் நிறைவேறியது” என்றதாக எழுதிவிடாதீர்கள். முன்வாக்கையும் கூட்ட வாக்கையும் சேர்த்து எண்ணி வாக்கு ஆய்வாளர் அறிக்கை தந்த பிறகுதான் முடிவு. அறிக்கையின் சுருக்கம் குறிப்பில் வர வேண்டும். நிறைவேறிய தேதி மட்டும் கூட்டம் நடந்த நாளாகவே இருக்கும்.

முரளி

‘வாக்கு ஆய்வாளர்’ என்றால் கருத்துக்கணிப்பு நடத்துபவர் போல இருக்கிறதே?

செல்வி

அதைத் தனி இழையில் தொடங்குகிறேன். முதல் வரியை மாற்றிவிட்டேன். செல்லாத அந்த ஒரு பதிலாள் சீட்டின் பங்குகளைத் தனியாகக் காட்டியிருக்கிறேன்.