விடுப்புக் காலத்தில் வெளியான கட்டுரை: கணக்கில் சேருமா?

கல்லூரி ஆசிரியர் பதவி உயர்வுக் கோப்புகளைப் பார்த்த அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள். யூஜிசி 2018 விதிகளின்படி ஒரு உதவிப் பேராசிரியரின் கோப்பைச் சரிபார்க்கிறேன்.

அவருக்கு ஓராண்டில் கற்பிக்க ஒதுக்கியது 480 மணி நேரம். ஒரு பருவம் முழுக்க மகப்பேறு விடுப்பு, அதனால் வகுப்பு எடுத்தது 204 மணி நேரம்தான். அப்படியே வகுத்தால் 42.5 சதவீதம், 70க்குக் கீழ், 'திருப்தியில்லை'. ஆனால் விடுப்புக் காலத்தைக் கழிக்கவேண்டும் என்று விதியே சொல்கிறது. மீதி 240இல் 204 என்றால் 85 சதவீதம், 'நன்று'. இதில் சிக்கலில்லை.

அப்புறம் இரண்டாவது வரிசை: தேர்வுப் பணி, நாட்டு நலப்பணித் திட்டம், ஆய்வுக் கட்டுரை போன்றவை. ஒன்றாவது இருந்தால்தான் 'திருப்தி'. ஒன்றுமில்லையென்றால், கற்பித்தலில் 'நன்று' வாங்கியும் அந்த ஆண்டே போய்விடும். அவரிடம் இருப்பது இரண்டு சான்றுகள். நலப்பணி முகாம் சான்றிதழில் தேதியில்லை. கட்டுரை விடுப்பு மாதத்தில் வெளியானது; அனுப்பியது அதற்கு முன்பே.

விடுப்புக் காலத்தைக் கழிப்பது ஆசிரியருக்குப் பாதகம் வராமலிருக்கத்தான். அதையே காட்டி கட்டுரையைத் தள்ளுவது நியாயமில்லை என்பது என் எண்ணம். உங்கள் குழுவில் எப்படி முடிவெடுத்தீர்கள்? முகாமுக்கு வருகைப் பதிவேட்டு நகல் போதுமா?