பொருள்: மாற்றிய முகத்தைப் படத்தோடு ஒன்றவைக்க ஒரு சொல்

படத்திருத்துநர்:
வணக்கம். குழுப்படத்தில் ஒருவர் கண்ணை மூடிவிட்டால், அவர் முகத்தை அடுத்த படத்திலிருந்து எடுத்து வைக்கிறோம். நிறமும் வெளிச்சமும் சரியாக இருந்தும் சில சமயம் முகம் தனித்து நிற்கும். கூர்மை, புள்ளிப்புள்ளியாகத் தெரியும் குருணை, கோப்பைச் சுருக்கிச் சேமிப்பதால் விழும் சுருக்கத்தின் தடம் ஆகிய மூன்றும் சுற்றுப்புறத்தோடு சேராததுதான் காரணம். இவற்றைச் சேர்த்துச் சரிசெய்வதைத் ‘தரச்சமன்’ என்று எழுதிவந்தோம். படிப்பவர்களோ தரத்தை உயர்த்துவது என்று புரிந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் நாம் செய்வது முகத்தின் தரத்தைக் குறைப்பது. வேறு சொல் சொல்லுங்கள்.

வடிவமைப்பாளர்:
‘கூர்மை ஒப்பு’ போதுமே? முகத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால் மீதி தானே அடங்கிவிடும்.

படத்திருத்துநர்:
கூர்மையை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பது உண்மை. ஆனால் மங்கலாக்கும்போது குருணையும் அழிகிறதே. சிறிதாக்கும்போதும் அப்படித்தான்: 600 புள்ளி அகல முகத்தை 200 ஆகக் குறைக்கிறோம் என்று வையுங்கள். ஒன்பது புள்ளிகள் ஒன்றாகக் கலப்பதால் குருணை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். கழுத்தில் குருணை தெரியும், கன்னம் மெழுகாக வழவழக்கும். நீல சேனலை மட்டும் திறந்து 200% பெருக்கிப் பார்த்தால் எல்லைக்கோடு பளிச்சென்று தெரியும். அதனால் மங்கலாக்கிய பிறகு குருணை தூவுகிறோம். அதையும் சற்று மங்கலாக்கித்தான் தூவ வேண்டும், ஏனென்றால் கேமராவின் குருணை பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து திட்டுத்திட்டாக இருக்கும்.

புதிய உறுப்பினர்:
என் தாத்தாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் முகத்தை மட்டும் கூர்மையாக்கினேன். இப்போது முகம் ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது. இதற்கும் அதே சொல்தானா?

தமிழாசிரியர்:
தம்பி, முகம் மாறாவிட்டாலும் குறை அதேதான். நான் ‘பதம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். பாகுக்கும் பதம் உண்டு, கத்தி முனைக்கும் பதம் உண்டு. கூர்மையும் இழையும் ஒரே சொல்லுக்குள் வருகின்றன. ‘பதப்பொருத்தம்’ என்று சொல்லலாம்.

படத்திருத்துநர்:
அருமை ஐயா. சுருக்கத்தின் தடம் அதற்குள் வருமா என்பதுதான் என் தயக்கம். ஜேபெக் படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாக வெட்டும். பின்னணியில் அந்தக் கட்டங்கள் பதிந்திருக்கும். சிறிதாக்கிய முகத்தில் அவை கலைந்துபோயிருக்கும். இரண்டு படங்களின் ரா கோப்புகளும் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. இல்லாவிட்டால், முழுப்பட அளவுள்ள பரப்பில் முகத்தை அதன் இடத்திலேயே வைத்து, பின்னணியின் தரத்துக்கு நெருக்கமாக ஒருமுறை ஜேபெக்காகச் சேமித்து மீண்டும் எடுக்கிறோம். கட்டங்கள் கட்டங்களோடு பொருந்திவிடும். இது பதமா, வடுவா?

தமிழாசிரியர்:
வடுவும் பதத்தில் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

வடிவமைப்பாளர்:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதம் என்றால் சொல் என்றும் பொருள் உண்டு; மொழிபெயர்ப்பு மென்பொருளில் ‘பதப்பொருத்தம்’ என்று பார்ப்பவர் சொற்களை ஒப்பிடுவதாக நினைப்பார். ‘படப்பதம்’ என்று தொடங்கினால் அந்தக் குழப்பம் இருக்காது. வினையாக ‘பதம் கூட்டு’ எனலாம். சுருக்கத்துக்கு மட்டும் ‘கட்டத்தடம்’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்வோமா?