துருவங்கள் இடப்பக்கம்தான் இருக்கின்றன, மோட்டார் ஆட்டம் நிற்கவில்லை

பெங்களூரில் இறுதியாண்டு பொறியியல் படிக்கிறேன். ப்ராஜெக்டில் டிசி மோட்டாரின் கோண நிலையைக் கட்டுப்படுத்துகிறோம். 80 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மைக்ரோகன்ட்ரோலர் கோணத்தைப் படித்துக் கட்டளை அனுப்பும். அளந்து எடுத்த மாடல் இது:

```
G(s) = K / (s(s+1)(s+5))
```

மூடிய சுற்றின் சமன்பாடு `s^3 + 6s^2 + 5s + K = 0`. ரௌத் அட்டவணைப்படி K 30-ஐத் தொடும்போதுதான் இரு துருவங்கள் கற்பனை அச்சுக்கு வரும். நான் வைத்தது 18. துருவங்கள் -5.68, -0.16 ± 1.77j. எல்லாமே இடது அரைத்தளம், அதனால் ஆட்டம் மெதுவாகவாவது அடங்க வேண்டும். சிமுலேஷனில் அடங்குகிறது. மேசையில் இரண்டு வாரமாக அடங்காமல் ஒரே வீச்சில் ஆடிக்கொண்டே இருக்கிறது!

கியர் தளர்வோ என்று கப்ளிங்கை மாற்றினேன், பயனில்லை. பவர் சப்ளையும் சரி. K-ஐ 10-க்குக் குறைத்தால் அடங்கிவிடுகிறது, ஆனால் அவ்வளவு மந்தமாக இருந்தால் வைவாவில் தப்ப முடியாது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. 30-இல் வர வேண்டிய ஆட்டத்துக்குக் காலம் 2.8 விநாடி. நான் அளந்தது ஏறக்குறைய 3.7. மாடலில் நான் சேர்க்காத தாமதம் ஏதோ துருவங்களை அச்சுக்குத் தள்ளுகிறது என்று தோன்றுகிறது. இந்தச் சாம்பிளிங், கணக்கீட்டுத் தாமதத்தை `e^(-sT)` என்று எழுதினால் சமன்பாடு பல்லுறுப்புக் கோவையாக இல்லாமல் போகிறது, ரௌத் செல்லாது.

இந்தத் தாமதத்தோடு சேர்த்து K-யின் உண்மையான எல்லையை எப்படிக் கணக்கிடுவது?