3 கிலோவாட் மாடி சோலார்: டாப்கானா, பெர்க்கா? இரண்டு கொட்டேஷனில் குழப்பம்

மாடிவீடு_மதுரை: மதுரையில் தனி வீடு, இரண்டு மாதத்துக்கு 650 யூனிட் வரை ஓடுகிறது. மத்திய அரசு மானியம் 78,000 கிடைப்பதால் 3 கிலோவாட் போடலாம் என்று இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் டாப்கான் என்ற புது வகைப் பேனல் தருகிறார், தொழிலுக்கு வந்து ஒரு வருடம்தான். ஏழு வருடமாகச் செய்பவர் மோனோ பெர்க் என்ற பழைய வகை தருகிறார், 22,000 குறைவு. இரண்டும் உள்நாட்டு செல்தான். இருவரும் "25 வருஷம் வாரண்டி" என்கிறார்கள். மாடியின் தெற்கு ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி வேறு இருக்கிறது. எதை எடுக்கலாம்?

கோவை_தம்பி: டாப்கான்தான் அண்ணா, மதுரை வெயிலுக்கு அதுதான் தாங்கும். தொட்டி நிழல் ஒரு பேனல்மேல் விழுந்தால் மொத்த வரிசையும் நின்றுவிடும், அதனால் ஒவ்வொரு பேனலுக்கும் தனியாக மைக்ரோ இன்வெர்ட்டர் போடுங்கள்.

சோலார்_வயரிங்: தம்பி சொன்னதில் பாதி சரி. பேனல் 65 டிகிரி சூடானால் பெர்க் உற்பத்தியில் 14 சதவீதம் இழக்கும், டாப்கான் 12. நாளைக்கு 12 யூனிட் வரும் இடத்தில் வித்தியாசம் கால் யூனிட்டுக்கும் குறைவு. யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்குச் சுமார் 700 ரூபாய்தான். டாப்கான் கொஞ்சம் மெதுவாகத் தேயும் என்பதையும் சேர்த்துப் பார்த்தாலும் அந்த 22,000 திரும்ப வரப் பல வருடம் ஆகும்.

நிழல் பட்டால் எல்லாம் நிற்காது, பைபாஸ் டையோடு அந்தப் பேனலின் நிழல் பட்ட பகுதியை மட்டும் தாண்டிவிடும். ஆனால் தொட்டி தெற்கே இருப்பதால் மார்கழியில் சூரியன் சாய்ந்து நிழல் நீளும். இரண்டு மீட்டர் தொட்டி என்றால் நடுப்பகலிலேயே ஒன்றேகால் மீட்டருக்கு மேல் விழும், காலை மாலையில் இன்னும் நீளம். சித்திரையில் வந்து அளப்பவர் கண்ணில் அது படாது.

அப்புறம் அந்த 25 வருடம் பேனல் தரும் மின் உற்பத்திக்கான வாரண்டி மட்டும்தான். கண்ணாடிக்குள் ஈரம் புகுந்தாலோ பின்னால் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸ் கருகினாலோ பொருள் வாரண்டிதான் பேசும், அது பெரும்பாலும் 10, 12 வருடம். இன்வெர்ட்டருக்குத் தனி. மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

நெல்லை_ராணி: கரண்ட் போனால் இது ஓடுமா? எங்கள் வீட்டில் ஓடவில்லை, ஏமாற்றிவிட்டார்களோ என்று நினைத்தேன்.

சோலார்_வயரிங்: ஆன்கிரிட், அதாவது மின்வாரிய லைனோடு இணைத்தது என்றால் ஓடாது அக்கா. லைனில் வேலை செய்பவர் உயிருக்காக இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். ஏமாற்று இல்லை.

திருச்சி_பென்ஷனர்: எனக்கு நான்காம் வருடம் இன்வெர்ட்டர் போயிற்று. ஒரு நாள் காலை திரை இருட்டாக இருந்தது. போட்டவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். கம்பெனி சீரியல் எண் போட்ட பில் கேட்டது, என்னிடம் இருந்தது வெறும் "3 கிலோவாட் செட்" என்று எழுதிய ரசீது. கைக்காசு போட்டுப் புதிதாக வாங்கினேன். உங்கள் பெயரில், ஒவ்வொரு பேனலின் எண்ணும் இன்வெர்ட்டர் எண்ணும் எழுதிய பில் வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

மாடிவீடு_மதுரை: நன்றி சார். ஏழு வருடக்காரர் ஐந்து வருடத்துக்கு முன் போட்ட ஒரு வீட்டைக் காட்டச் சொல்லியிருக்கிறேன், ஞாயிறு போகிறேன். தொட்டியை வடக்கே மாற்ற பிளம்பர் 9,000 கேட்கிறார், அதுதான் இன்னும் யோசனை.

சோலார்_வயரிங்: போனால் ஸ்டாண்டின் வெல்டிங் இடத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். பழுது வந்தபோது எத்தனை நாளில் வந்தார் என்று அந்த வீட்டுக்காரரிடம் தனியாகக் கேளுங்கள்.