‘அவர் ஆர்வம் காட்டினாள்’: மரியாதை விகுதி குழம்பினால் இயந்திரம் எழுதியது என்று சொல்லலாமா?

புதுகைச் செல்வி:
எங்கள் வாசகர் வட்டம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி நடத்துகிறது. கணினியில் தட்டச்சு செய்து அனுப்பலாம் என்று சொல்லியிருந்தோம். வந்த ஒரு கட்டுரையில் இருந்து ஐந்து வரி:

“டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். அவர் சிறுவயதிலேயே படிப்பில் ஆர்வம் காட்டினாள். அவளுடைய தந்தை அவளுக்கு உறுதுணையாக இருந்தார். டாக்டர் முத்துலட்சுமி 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவர் 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினரானாள்.”

கடைசி வரை இப்படித்தான் போகிறது. இது பிள்ளை எழுதியதா, இயந்திரம் எழுதியதா? எங்கள் நடுவர்களுக்குள் ஒத்துப் போகவில்லை.

தாமிரபரணி:
இயந்திரம்தான், சந்தேகமே வேண்டாம். தமிழில் ஒருவரைப் பற்றி எழுத உட்காரும்போதே அவன், அவள், அவர் என்ற மூன்றில் ஒன்றை முடிவு செய்துவிடுகிறோம். கை அதன் பிறகு தானாகவே போகும். ஆங்கிலத்தில் ஔவையாரும் ‘ஷி’, பக்கத்து வீட்டுப் பாப்பாவும் ‘ஷி’. அங்கிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் இயந்திரம் ஒவ்வொரு வாக்கியத்திலும் புதிதாக ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஒரு தடவை அவர், ஒரு தடவை அவள் என்று விழுகிறது. முத்துலட்சுமி ரெட்டியை ‘உறுப்பினரானாள்’ என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் எழுதாது. போட்டியிலிருந்து நீக்கிவிடுங்கள்.

ஆயிஷா (சிற்றிதழ்):
தயவுசெய்து இவ்வளவு வேகமாக முடிவு கட்ட வேண்டாம். எனக்கு இப்படி ஒன்று நடந்தது. நான் எழுதிய மார்க்கக் கட்டுரை ஒன்றை ஒரு மலருக்கு அனுப்பினேன். “மரியாதை ஒரே சீராக இல்லை, இயந்திரத்தில் எழுதியது போலிருக்கிறது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் எழுதியிருந்தது, “அல்லாஹ் கூறுகிறான்”, “நபியவர்கள் கூறினார்கள்”, “அந்த வியாபாரி கூறினார்”. ஒரே பக்கத்தில் மூன்று விகுதி. தமிழ் முஸ்லிம்கள் காலங்காலமாக எழுதுவதே இப்படித்தான். இறைவன் ஒருவன் என்பதால் அவனுக்கு ஒருமை. நபிக்குப் பன்மை. இது தெரியாதவர் கண்ணுக்குக் குழப்பமாகத்தான் படும். எனக்கு அது பெரிய மனவருத்தம்.

மெய்ப்புக்காரர்:
ஆயிஷா சொல்வதை எல்லோரும் மனத்தில் வைக்க வேண்டும். பழைய தமிழ் வேதாகமத்திலும் இயேசு ‘என்றார்’, பேதுரு ‘என்றான்’. பிறகு வந்த பொது மொழிபெயர்ப்பில் பேதுருவுக்கும் ‘ஆர்’ வந்துவிட்டது. அதனால் ஒரு கட்டுரையில் எத்தனை விகுதி இருக்கிறது என்று எண்ணிப் பயனில்லை. ஒரே ஆளுக்கு எத்தனை விகுதி வந்திருக்கிறது, எந்த இடத்தில் மாறுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

நான் இருபது வருடத்துக்கு மேல் மெய்ப்புத் திருத்தியவன். மனிதர்களும் ஒரே ஆளுக்கு விகுதியை மாற்றி எழுதுவார்கள், ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். வாழ்க்கை வரலாற்றில் பிள்ளைப் பருவம் வரை ‘ஓடினான், விளையாடினான்’, வேலைக்குப் போனதும் ‘சேர்ந்தார்’. கதையில் ஒரு பாத்திரத்தின் மேல் கோபம் வரும் இடத்தில் ‘ஆர்’ போய் ‘ஆன்’ வரும். கவனக்குறைவால் வரும் பிழை பெரும்பாலும் மேல்நோக்கிப் போகும். “தலைவர் அவர்கள் வந்தார்” என்று தொடங்கி, இரண்டு வரி தள்ளி “பேசினார்கள்” என்று முடிப்பார்கள். பெயரோடு ஒட்டிய ‘அவர்கள்’ வினையை இழுத்துக்கொண்டு போய்விடும். கூட்ட அறிக்கைகளில் இதைத் திருத்தியே எனக்குக் கை சலித்தது.

இப்போது செல்வி கொடுத்த ஐந்து வரிக்கு வருவோம். டாக்டர் என்ற பட்டமும் பெயரும் உள்ள வாக்கியம் இரண்டு. இரண்டிலும் ‘ஆர்’. ‘அவர்’ என்று தொடங்கும் வாக்கியமும் இரண்டு. இரண்டிலும் வினை ‘ஆள்’. நடுவில் இருப்பது ‘அவளுடைய’, ‘அவளுக்கு’. இவ்வளவு ஒழுங்காக ஒரு குழப்பம் தானாக வராது. முதலில் எழுதும்போது அந்த இரண்டு வாக்கியமும் ‘அவள்’ என்றுதான் தொடங்கியிருக்கும். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாக மொழிபெயர்த்தால் இப்படி ஆகும். பட்டம் கண்ணில் பட்டால் ‘ஆர்’, வெறும் ‘ஷி’ என்றால் ‘ஆள்’.

தாமிரபரணி:
அப்படியென்றால் நான் சொன்னதுதானே சரி?

மெய்ப்புக்காரர்:
பாதி சரி. ‘அவள்’ எப்படி ‘அவர்’ ஆனது என்பதையும் பாருங்கள். யாரோ கணினியில் ‘அவள்’ என்று தேடி, எல்லா இடத்திலும் ‘அவர்’ என்று மாற்றியிருக்கிறார்கள். ‘அவள்’ என்பதில் ளகரத்தின் மேல் புள்ளி இருக்கிறது. ‘அவளுடைய’, ‘அவளுக்கு’, ‘அவளை’ எதிலும் அந்தப் புள்ளி இல்லை. அதனால் தேடலில் அவை அகப்படவில்லை, அப்படியே தங்கிவிட்டன. ‘காட்டினாள்’ என்ற வினையும் அகப்படாது. ஆக, அந்தக் கட்டுரையில் ஒரு மனிதக் கை பட்டிருப்பது உறுதி. மரியாதைக் குறைவு என்று தெரிந்து திருத்தப் பார்த்திருக்கிறது. அவசரத்தில் பாதியில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இருந்த முதல் வரைவு யாருடையது என்பது இதிலிருந்து தெரியாது.

மலர்க்கொடி:
எனக்கு இந்தக் கேள்வியே வருத்தமாக இருக்கிறது. ஆணாக இருந்தால் ‘அவர்’ என்று எழுதுவார்கள், பெண் என்றால் ‘அவள்’. இவ்வளவு பெரிய மருத்துவரை அவள் இவள் என்று எழுதியதற்காகவே அந்தக் கட்டுரையை நீக்க வேண்டும்.

புதுகைச் செல்வி:
அக்கா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நாங்கள் கேட்பது யார் எழுதியது என்பதை. மரியாதைக்கு மதிப்பெண் தனியாக உண்டு, அதைக் குறைத்துவிட்டோம்.

தமிழாசிரியை, ஆங்கிலவழிப் பள்ளி:
தாமிரபரணி ஐயா, “எந்தத் தமிழ்ப் பிள்ளையும் எழுதாது” என்கிறீர்கள். என் வகுப்புக்கு ஒரு நாள் வந்து பாருங்கள். என் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் குறிப்பெடுத்து, பிறகு தமிழில் எழுதுகிறார்கள். முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிய குறிப்பும் அவர்களுக்கு ஆங்கிலத்தில்தான் முதலில் கிடைக்கிறது. ‘ஷி’ என்ற இடத்தில் கை ‘அவள்’ என்று எழுதிவிடும். பெயரும் பட்டமும் வரும் இடத்தில் மட்டும், “பெரியவர்களுக்கு மரியாதை கொடு” என்று நான் சொன்னது நினைவுக்கு வந்து ‘ஆர்’ போடுவார்கள். மெய்ப்புக்காரர் ஐயா இயந்திரத்துக்குச் சொன்ன ஒழுங்கு அப்படியே என் மாணவர்கள் நோட்டில் இருக்கிறது, கையெழுத்தில்.

வாக்கியங்களுக்கு அடியில் ஆங்கிலம் இருக்கிறது என்பதைத்தான் இந்தப் பிழை காட்டுகிறது. அந்த ஆங்கிலம் இயந்திரத்தில் இருந்ததா, பிள்ளையின் தலையில் இருந்ததா என்று காட்டவில்லை. நாளைக்கு என் மாணவி ஒருத்தியை இதே காரணம் சொல்லி நீக்கினால் என்னால் தாங்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் அம்மாவையும் பாட்டியையும் ‘வந்தா, சொன்னா’ என்று பேசும் பிள்ளைக்கு ‘அவள்’ என்பது பாசம். அதை எழுத்துக்குக் கொண்டுவரும்போது ‘பாட்டி சொன்னாள்’ என்றுதான் எழுதும். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மெய்ப்புக்காரர்:
டீச்சர், ஒத்துக்கொள்கிறேன். ஒழுங்கைப் பார்த்தேனே தவிர, அதே ஒழுங்கு பிள்ளைகளிடமும் வரும் என்று யோசிக்கவில்லை. நான் திருத்தியதெல்லாம் தமிழில் யோசித்து எழுதியவர்களை.

தாமிரபரணி:
எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். இப்போது வரும் இயந்திரங்கள் கட்டுரை முழுவதையும் சேர்த்துப் படித்து எழுதுகின்றன, விகுதி இவ்வளவு குழம்புவதில்லை. எனக்கு வரும் கட்டுரைகளில் இப்போது நேர்மாறாகப் பார்க்கிறேன். எல்லோருக்கும் ‘ஆர்’. மூன்று வயதுக் குழந்தை ‘அழுதார்’, வீட்டில் புகுந்த திருடன் ‘ஓடினார்’. இனிமேல் அதைத்தான் தேட வேண்டுமோ?

மெய்ப்புக்காரர்:
குழந்தை ‘அழுதார்’ என்றால் நானும் நிமிர்ந்து உட்காருவேன். குழந்தை அழுதது, சிறுவன் அழுதான் என்றுதான் நமக்கு வரும். திருடனை வைத்து முடிவு செய்யாதீர்கள். முன்பு செய்தித்தாள்களில் கைதான ஆள் என்றால் ‘அவன்’தான். இப்போது குற்றம் நிரூபிக்கப்படாதவர் என்று ‘அவர்’ போடும் வழக்கம் பரவிவிட்டது. அதைப் படித்து வளர்ந்த பையன் திருடனுக்கும் ‘ஆர்’ போடத்தான் செய்வான்.

அப்புறம், ‘அவர் தனது’ என்று இருந்தால் பிழை, ‘தமது’ என்றுதான் மனிதர் எழுதுவார் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். ‘தமது’ இலக்கணப்படி அழகு. ஆனால் நல்ல எழுத்தாளர்களே ‘அவர் தனது’ என்று எழுதித்தான் அச்சுக்கு வருகிறது.

ஆயிஷா (சிற்றிதழ்):
செல்வி, அந்தப் பிள்ளையிடமே கேட்டீர்களா? என்னிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே விளக்கியிருப்பேன்.

மெய்ப்புக்காரர்:
அதுதான் வழி. இன்னொரு பெரிய மனுஷியைப் பற்றி, ஆங்கிலக் குறிப்பு ஒன்றைக் கொடுத்து, பத்து வரி கையால் எழுதச் சொல்லுங்கள். வீட்டுப் பாட்டியைப் பற்றி வேண்டாம், டீச்சர் சொன்ன பாசத்து ‘அவள்’ குறுக்கே வந்துவிடும். பெயர் வரும் இடத்தில் ‘ஆர்’, மற்ற இடத்தில் ‘ஆள்’ என்று அதிலும் வந்தால், இந்தப் பிழை பிள்ளையின் பழக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். முழுவதும் ‘ஆர்’ என்றே வந்தால் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சந்தேகம் கூடும். அப்போதும் அது உறுதியான சாட்சி ஆகாது.

புதுகைச் செல்வி:
இன்று பேசினேன். ‘அவள்’ என்று இருந்ததை மாற்றச் சொன்னது வகுப்பு ஆசிரியராம். தட்டச்சு செய்த கடையில் ஒரே தடவையில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மெய்ப்புக்காரர் ஐயா சொன்னது அப்படியே. முதல் வரைவு நோட்டில் கையெழுத்தில் இருக்கிறது, அதையும் பார்த்தேன். எல்லா இடத்திலும் ‘அவள்’. ஆனால் அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை, எதையோ பார்த்து எழுதியது போலச் சுத்தமாக இருக்கிறது.

பத்து வரியை நாளை எழுதச் சொல்லியிருக்கிறேன். குறிப்பு சரோஜினி நாயுடுவைப் பற்றியது. இரண்டாவது நடுவர் இப்போதும் நீக்கத்தான் சொல்கிறார். நான் கட்டுரையைப் போட்டியில் வைத்திருக்கிறேன்.

தமிழாசிரியை, ஆங்கிலவழிப் பள்ளி:
குறிப்பைப் பார்க்காமல் இன்னும் ஐந்து வரியும் எழுதச் சொல்லுங்கள் செல்வி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆங்கிலம் எங்கே உள்ளே வருகிறது என்று தெரியும்.